அண்ணி நடக்கவிட்ட டெண்டர்

எங்கள் அண்ணியோடு கடைக்குப் போவதென்றால் நான் நாலடி தள்ளியே நிற்பேன். கடைக்காரர் பாவம், வழக்கமாகச் சொல்கிற மாதிரி, "நாளைக்கு ரெடியாயிரும்மா" என்பார். வேறு யாராக இருந்தாலும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். அண்ணி நகரமாட்டார். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, "இல்லேன்னா?" என்று கேட்பார். கடைக்காரர் சிரிப்பார். அண்ணி சிரிக்கமாட்டார். "நாளைக்கு ரெடியாகலேன்னா என்ன பண்ணுவீங்க?" அதற்கு ஒரு பதில் வாங்கிக்கொண்டுதான் படியிறங்குவார். எங்கள் வீட்டில் அவருக்கு 'இல்லேன்னா' என்றே பெயர் வைத்திருக்கிறோம். முகத்துக்கு நேரே சொல்கிற துணிச்சல் என் மனைவிக்கு மட்டும்தான் உண்டு.

அண்ணிக்குத் தொழில் மொழிபெயர்ப்பு. இந்த நகரத்தில் நாலைந்து மொழி பேசுகிறவர்கள் கலந்து இருக்கிறோம். அரசாங்கக் காகிதமும் கம்பெனிக் காகிதமும் மட்டும் எப்போதும் ஆங்கிலத்தில் வரும். அண்ணி ஒரு சின்ன அலுவலகத்தில் உட்கார்ந்து மருந்துச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேடு என்று வருகிறதையெல்லாம் தமிழில் போடுகிறார். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு வேலையாகவே தெரியாது. நாள் முழுக்க உட்கார்ந்த இடம், ஒரு திரை, பக்கத்தில் ஆறிப்போன டீ. சிமெண்டு மூட்டை தூக்குகிற நமக்கு, 'இதெல்லாம் ஒரு வேலையா' என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்த எண்ணம் எப்படிச் செத்தது என்பதைத்தான் சொல்லவருகிறேன்.

நானும் அண்ணனும் சேர்ந்து ஹோட்டல் சமையலறை கட்டுகிற வேலை செய்துவந்தோம். புதிதாகக் கட்டுவதைவிடப் பழையதை உடைத்துத் திருத்துவதுதான் அதிகம். தரை உடைத்து வடிகால் வைப்பது, டைல்ஸ், சுவரில் ஸ்டீல் தகடு, அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் ஹூட், அதிலிருந்து மொட்டைமாடி வரைக்கும் தகரக் குழாய். பெரிய கான்ட்ராக்டர் எடுத்த வேலையில் எங்களுக்கு ஒரு துண்டு கிடைக்கும். அப்படி ஒரு தொழிற்சாலை கேன்டீன் வேலையில் அண்ணன் கையெழுத்துப் போட்டார். முப்பது பக்கம் ஆங்கிலம். பெரிய கான்ட்ராக்டர் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிக் காட்ட, அண்ணன் போட்டுக்கொண்டே போனார். வேலை முடிந்ததும் தாமதத்துக்கு அபராதம் என்று எங்கள் பங்கையே பிடித்துக்கொண்டார்கள். எந்தத் தாமதம், யாரால் என்று கடைசிவரை எங்களுக்குப் புரியவில்லை. எங்களைப்போலவே அங்கே ஒரு துண்டு வேலை எடுத்திருந்த இன்னொருவருக்கு அந்த அபராத விதி முன்பே தெரிந்திருந்தது, அவர் சொல்லவில்லை. 'அவங்களா, லேட் பார்ட்டி' என்று ஊரெல்லாம் பேரானது.

பணம் போனதை அண்ணன் தாங்கிக்கொண்டார். பேர் போனதைத் தாங்கவில்லை. "என்னாலதான்டா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு கொத்துக்கரண்டியைத் தொடவில்லை. ஒரு கூரியர் கம்பெனியில் வேன் ஓட்டப் போய்விட்டார். அதிகம் பேசுவதும் இல்லை. நான் மட்டும் என் பெயரில் ஒரு சின்னக் கம்பெனி பதிவு செய்து, பழைய ஆட்கள் மூன்று பேரை வைத்துக்கொண்டு குளியலறை டைல்ஸ், கசிவு அடைப்பு என்று ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த டெண்டர் வந்தது. ஒரு பெரிய ரெஸ்டாரன்டின் சமையலறையை முழுக்கத் திருத்தவேண்டும். யாருக்கும் கீழே இல்லை, நேரடியாக. இது கைக்கு வந்து ஒழுங்காக முடிந்தால் எங்கள் பேர் திரும்பும். இன்னொரு தடவை 'லேட்' என்று விழுந்தால் நானும் ஒரு வேன் சாவியைத் தேடவேண்டியதுதான். நடுவில் வேறு வழியில்லை.

டெண்டர் நூற்றுப் பத்துப் பக்கம். நான் அதை அண்ணியின் சமையலறை மேசையில் வைத்து, "மேலோட்டமா என்ன இருக்குன்னு மட்டும் சொல்லுங்க அண்ணி. எத்தனை நாள், எவ்வளவு அபராதம், அது போதும்" என்றேன்.

அண்ணி முதல் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. "மேலோட்டமா பாத்துத்தான் உங்க அண்ணன் கையெழுத்துப் போட்டார். முழுசா பண்றேன். இல்லேன்னா எடுத்துட்டுப் போங்க."

உள் அறையில் அண்ணன் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

பத்து நாள் கழித்துத் தமிழ்ப் பிரதி என் கைக்கு வந்தது. ஆங்கிலத்தில் இருக்கிற ஒழுங்கிலேயே, எண்ணுக்கு எண், பத்திக்குப் பத்தி இருந்தது. முதல் பக்கத்தில், 'இது புரிந்துகொள்வதற்கான பிரதி. வேறுபாடு வந்தால் ஆங்கில மூலமே செல்லும்' என்று கொட்டை எழுத்தில். கடைசியில் அண்ணியே தனியாக ஓர் அட்டவணை சேர்த்திருந்தார். ஒவ்வொரு வேலைக்கும் நேரே மூன்று கட்டம்: யார் செய்வது, எப்போது, செய்யாவிட்டால் என்ன.

படிக்கப் படிக்க எனக்கு வேர்த்தது. நாற்பத்தைந்து நாள் என்று ஆட்களிடம் சொல்லிவைத்திருந்தேன். விடுமுறை நாளும் அதில் சேர்த்தி என்று இப்போதுதான் தெரிந்தது. தரையில் நீர் கசியாத பூச்சுப் போட்டபின் தண்ணீர் கட்டி நிறுத்தி, ஓனர் தரப்பு ஆலோசகர் வந்து பார்த்துக் கையெழுத்திட்டால்தான் மேலே டைல்ஸ் ஒட்டலாம். முந்தி ஒட்டினால் நம் செலவில் பெயர்த்தெடுக்கவேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒப்பந்தத் தொகையில் அரை சதவீதம் பிடிப்பார்கள், மொத்தம் பத்து சதவீதம் வரை. எங்களுக்கு மிஞ்சுவதே அவ்வளவு இருக்காது. இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று எல்லாருக்கும் புத்தி சொல்கிற நான், கண்ணைக் கட்டிக்கொண்டுதான் ஒவ்வொரு குளத்திலும் இறங்கியிருக்கிறேன் என்று அன்றைக்குப் புரிந்தது.

அட்டவணையில் ஒரு கட்டம் மட்டும் வினோதமாக இருந்தது. 'எரிவாயு இணைப்பு' என்ற வரிக்கு நேரே, 'எப்போது' என்ற கட்டத்தில், 'ஆவணம் நாள் சொல்லவில்லை' என்று எழுதியிருந்தார்.

"இதென்ன அண்ணி, ஓனர்தானே கேஸ் கொடுக்கணும்? எங்களுக்குத் தேவைப்படுறப்போ கொடுப்பாங்க. அப்படியே எழுதிருங்களேன்."

"அப்படி அதுல இல்லையே."

"இல்லேன்னாலும் அதுதானே நியாயம்?"

"நியாயம் உங்க மனசுல இருக்கு தம்பி, காகிதத்துல இல்லை. இல்லாததை நான் எழுதினா நீங்க அதை நம்பி உள்ள போயிடுவீங்க. என் வேலை அதுல இருக்கறதைக் காட்டறது. இல்லாததை இல்லைன்னு காட்டறது."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வார்த்தை சேர்த்தால் குடியா முழுகிவிடும் என்று முனகிக்கொண்டே எழுந்துவந்தேன்.

டெண்டர் கேட்கிறவர்கள் எல்லாரும் ஒருநாள் இடத்தை நேரில் பார்க்கவேண்டும் என்பது விதி. அண்ணி அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தானும் வருவேன் என்றார். "அங்க ஆங்கிலத்துல பேசுவாங்க, யார் சொல்வா?" என்றார். அது ஒரு சாக்கு; நாள் போடாத அந்தக் கட்டம் அவரை உறுத்திக்கொண்டிருந்தது. அண்ணன்தான் வேனில் எங்களைக் கொண்டுவந்து விட்டார். உள்ளே வரச்சொன்னேன். "நீங்க பாருங்க" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சமையலறையை நான் மறக்கமாட்டேன். நீளமான கூடம். பழைய ஹூட்டில் எண்ணெய் தேன் மாதிரித் திரண்டு தொங்கியது. வடிகால் வாயருகே தரை பள்ளமாகி, எந்தப் பக்கம் கழுவினாலும் தண்ணீர் வந்து தேங்கி நின்றது. நான்கு கம்பெனிக்காரர்கள் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் கட்டடத்துக்குள்ளேயும் கூலிங்கிளாஸ் கழற்றாதவர். எங்களைப்போல முப்பது பேரைக் கட்டிமேய்ப்பவர். எல்லாரையும் சுற்றிக் காட்டியவர் ரெஸ்டாரன்டின் மேனேஜர் அம்மா. கூடவே டெண்டரைத் தயாரித்த ஆலோசகர், சத்தமாகச் சிரிக்கிற தலைமைச் சமையல்காரர். சுற்றிக்காட்டி முடித்ததும், அளவெடுக்க எங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொஞ்சம் நேரம் கொடுத்தார்கள்.

எங்கள் முறை வந்தது. நான் டேப்பை எடுத்தேன். அண்ணி என் கையைத் தடுத்தார்.

"அளவு அப்புறம் எடுக்கலாம். முதல்ல எல்லாரும் வந்து நில்லுங்க."

என் ஆட்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். தகர வேலையும் வெல்டிங்கும் பார்க்கிற என் மச்சான், ஐம்பது தாண்டிய பைப்காரர், டைல்ஸ் மேஸ்திரி. அண்ணி மச்சானை ஹூட்டுக்குக் கீழே நிறுத்தினார். பைப்காரரை வடிகாலருகே. மேஸ்திரியைச் சுவரோரம். என்னை வாசலில். ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த தலைமைச் சமையல்காரரிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே வந்து கேஸ் மீட்டர் பக்கம் நின்றார்.

"அவர்தான் கேஸ் கம்பெனி" என்றார் அண்ணி. மேனேஜர் அம்மாவிடமும் அனுமதி கேட்டார். அந்த அம்மா ஓனராகவே நின்றார். ஆலோசகரையும் விடவில்லை, அவர் தீயணைப்புத் துறையிலிருந்து சோதனைக்கு வருகிற இன்ஸ்பெக்டர்.

எனக்கு மானம் போயிற்று. கதவுக் கண்ணாடி வழியாகக் கூலிங்கிளாஸ்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு ஒத்திகை பார்க்கிறமாதிரி இருந்தது.

"நான் ஒவ்வொரு பத்தியா படிப்பேன்" என்றார் அண்ணி. "உங்க பேர் வந்தா ஒரு அடி முன்னாடி வாங்க. உங்க வேலை முடிஞ்சதுன்னு காகிதம் சொன்னா ஓரமா போங்க. காகிதம் சொல்லாம யாரும் நகரக்கூடாது. இதான் விளையாட்டு."

தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை படித்தார். மேஸ்திரி உடைக்க முன்னே வந்தார். பைப்காரர் வடிகால் போட்டார். நீர்ப்பூச்சு, தண்ணீர் கட்டுதல். அண்ணி நிறுத்தினார், ஆலோசகர் கையெழுத்திட்டால்தான் மேஸ்திரி அடுத்த அடி வைக்கலாம் என்றதும், மேஸ்திரி ஒற்றைக்காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆலோசகர் காற்றில் கையெழுத்துப் போட்டதும் காலை ஊன்றினார். மச்சான் ஹூட்டை மாட்டினான். நானும் மெல்ல மெல்லச் சிரிக்க ஆரம்பித்திருந்தேன். அப்படி ஒரு வேலையை நான் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே பார்வையில் பார்த்ததே இல்லை. இருபது வருஷத்தில் இல்லை.

கடைசிப் பகுதிக்கு வந்தோம்.

"வேலை முடிந்தது என்ற சான்றிதழ், தீயணைப்புச் சோதனையில் தேறிய பிறகே வழங்கப்படும்" என்று படித்தார். நான் வாசலிலிருந்து ஒரு அடி முன்னே வந்து, இன்ஸ்பெக்டராக நின்ற ஆலோசகரைப் பார்த்தேன்.

"சோதனையின்போது அடுப்பை எரியவிட்டு, புகை இழுக்கும் விசிறியை நிறுத்த வேண்டும். எரிவாயு தானாகவே அடைபட வேண்டும்." ஆலோசகர் ஒரு அடி வைத்து, கேஸ் கம்பெனியாக நின்ற சமையல்காரரைப் பார்த்தார். அடுப்பு எரிய கேஸ் வேண்டுமே.

"எரிவாயு நிறுவனம், உரிமையாளர் எழுத்தில் கேட்டுக்கொண்ட பின்னரே இணைப்புத் தரும்." சமையல்காரர் திரும்பி மேனேஜர் அம்மாவைப் பார்த்தார்.

அண்ணி பின்னிணைப்புக்குத் திருப்பினார். "முடிந்த சமையலறையைச் சான்றிதழுடன் பெற்றுக்கொண்ட பிறகு, உரிமையாளர் எரிவாயு இணைப்புக்கு விண்ணப்பிப்பார்."

மேனேஜர் அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். என் கையில் சான்றிதழ் இல்லை. நான் ஆலோசகரைப் பார்த்தேன்.

அண்ணி காகிதத்தை மூடினார். யாரும் நகரவில்லை. அவ்வளவு பெரிய கூடத்தில் நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒரு காலை முன்னே வைத்தபடி நின்றோம். காகிதம் சொல்லாமல் நகரக்கூடாது. காகிதம் இனி எதுவும் சொல்லப்போவதில்லை.

பைப்காரர்தான் வாயைத் திறந்தார். "அட, பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்கிற கதையால்ல இருக்கு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் ராப்பகலாக வேலை செய்து, நாற்பதாவது நாளே எல்லாவற்றையும் பளபளவென்று முடித்திருந்தாலும், இப்படியேதான் நின்றிருப்போம். நாற்பத்தாறாவது நாளிலிருந்து தினம் அரை சதவீதம். ஏன் என்று கேட்டால் 'சான்றிதழ் எங்கே' என்பார்கள். கேன்டீன் வேலையில் அண்ணன் எங்கே நின்றிருப்பார் என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது. இதே மாதிரி எங்கேயோ, ஒற்றைக்காலில். யாரும் வந்து படித்துக் காட்டவில்லை.

நான் அண்ணியைப் பார்த்தேன். பழைய காட்டன் புடவை, தோளில் சாப்பாட்டு டப்பா வைத்த துணிப்பை. பதினைந்து வருஷமாகப் பார்க்கிற முகம்தான். ஆனாலும், கோயிலில் திரை விலகியதும் கை தானாகக் கூப்புமே, அப்படி ஒரு மரியாதை எனக்குள் எழுந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா அண்ணி?"

"இல்லை. நாள் போடலைன்னு மட்டும்தான் தெரிஞ்சது. படிக்கறப்போ தனித்தனியா எல்லாம் சரியா இருந்தது. நிக்க வெச்சதும்தான் எனக்கும் தெரியுது" என்றார்.

ஆலோசகர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பெரிய மனிதர், பூசி மெழுகவில்லை. முன்பகுதியை வக்கீல் எழுதினார், பின்னிணைப்பை நான் எழுதினேன், கேஸ் கம்பெனி தன் தாளைத் தந்தது, மூன்றையும் சேர்த்துத் தைத்தோம், யாரும் நடந்து பார்க்கவில்லை என்றார். பிறகு, நான் வாயால் பதில் சொல்லக்கூடாது, கேள்வியை எழுத்தில் அனுப்புங்கள், பதில் எல்லாருக்கும் போகும் என்றார்.

வெளியே வந்ததும் நான் அண்ணியை ஓரம் கட்டினேன். மரியாதை மரியாதையாக இருக்கட்டும், தொழில் தொழிலாக இருக்கவேண்டாமா?

"அண்ணி, எழுத்துல கேக்க வேண்டாம். கேட்டா பதில் அந்த கூலிங்கிளாஸுக்கும் போகும். அவருக்கு இது தெரியாது. தெரியாம விலை போடட்டும், எடுக்கட்டும், மாட்டட்டும். அடுத்த வேலை நமக்கு வரும்."

"அவர் குறைச்சுப் போட்டு எடுத்துட்டார்னா இந்த வேலை?"

"போகட்டுமே. சூடு கண்ட பூனை நான்."

அண்ணி திரும்பி வேனைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"தெரிஞ்ச ஒருத்தர் வாயை மூடிட்டு நின்னதாலதான் அவர் இப்ப வேன் ஓட்டறார்" என்றார். "ஆனா கேள்வி உங்க கம்பெனி பேர்ல போகணும். கையெழுத்து உங்களுது. நான் வெறும் மொழிபெயர்ப்பு. வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, எழுதலை."

இதற்கு மேல் ஒரு மனிதனால் என்ன சொல்லமுடியும்? போட்டேன். சந்தோஷமாகப் போட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் போட்டேன்.

ஒரு வாரத்தில் டெண்டர் கேட்டவர்கள் எல்லாருக்கும் திருத்தம் வந்தது. ஒப்பந்தக்காரர் முப்பத்தைந்தாம் நாளுக்குள் அடுப்பு வரிசையைத் தயார் செய்யவேண்டும். உரிமையாளர் முப்பத்தெட்டாம் நாளுக்குள் கேஸ் இணைப்புத் தரவேண்டும். தருவது தாமதமானால் முடிக்கவேண்டிய நாளும் அதே அளவு தள்ளிப்போகும். அந்த நாட்களுக்கு அபராதம் கிடையாது. ஆனால் ஒரு நிபந்தனை: தாமதம் தொடங்கிய மூன்று நாளுக்குள் ஒப்பந்தக்காரர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் சலுகை போய்விடும். அண்ணி அதைத் தமிழில் போட்டு, அந்த நிபந்தனைக்கு மட்டும் அடியில் இரண்டு கோடு இழுத்துக் கொடுத்தார்.

விலை போட்டோம். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். எங்களைவிடக் கூலிங்கிளாஸ்காரர் குறைத்துத்தான் போட்டிருந்தாராம். மேனேஜர் அம்மா எங்களிடம், எந்தெந்த நாளில் எங்களிடமிருந்து உங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சானும் மேஸ்திரியும் பைப்காரரும் மாறி மாறிச் சொல்லிவிட்டார்கள். அண்ணி ஆங்கிலத்தில் சொல்ல மூச்சு வாங்கியது. ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நாள் எங்களுக்குத்தான் என்று கடிதம் வந்தது.

வேலையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அண்ணியின் அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்தோம். காலையில் வருகிறவர்கள் முதலில் அதன் முன்னால் போய் நிற்பார்கள். என்ன செய்யவேண்டும் என்று யாரும் என்னிடம் வந்து கேட்கவில்லை. எனக்கே கொஞ்சம் வேலை இல்லாததுபோல இருந்தது. மச்சான் ஒருநாள், "மாமா, இந்தக் குழாய்க்கு மொட்டைமாடியில ஓட்டை போட்டா, அடைச்சு நீர்ப்பூச்சு பண்ணறதும் நம்ம வேலைதான், ஏழாவது பத்தி" என்றான். அவன் வாயிலிருந்து பத்தி எண் வருவதைக் கேட்டு, தமிழ்ப் பிரதியைப் புரட்டிப் பார்த்தேன், ஏழாவது பத்தியேதான். முப்பத்துநாலாம் நாள் அடுப்பு வரிசை தயார். ஆலோசகர் வந்து பார்த்துக் கையெழுத்திட்டார்.

முப்பத்தெட்டாம் நாள் வந்தது. கேஸ் வரவில்லை. முப்பத்தொன்பதாம் நாள், கேஸ் கம்பெனியில் ஆள் இல்லையாம் என்று மேனேஜர் அம்மா கையைப் பிசைந்தார். தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நாங்கள் எட்டிப் பார்த்தோம். எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்களிடம் போய் எழுத்தில் குறை சொல்வதா? சண்டைக்காரன் என்று நினைத்துவிட்டால்? இரண்டு நாள் பொறுத்தால் தானாக வந்துவிடாதா? எங்கள் ஆட்கள் காலாகாலமாகச் செய்கிற தப்பு இதுதான். முகதாட்சண்யத்துக்காக வாயை மூடிக்கொண்டிருப்போம்; பிறகு அபராதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, விதியை நொந்துகொள்வோம்.

"அந்த ரெண்டு கோடு போட்டது எதுக்கு?" என்றார் பைப்காரர். "அறிவிக்கறது சண்டை இல்லை தம்பி, அது காகிதம் கேக்கற மரியாதை."

அன்றைக்கே அண்ணி எழுதிக் கொடுத்தார். நாலே வரி. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மேனேஜர் அம்மா வாங்கிப் படித்தார், தலையசைத்தார், உள்ளே போனார். அவ்வளவுதான். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

கேஸ் வருவதற்கு மேலும் ஐந்து நாள் ஆயிற்று. ஆறு நாள் தாமதமாக, நாற்பத்துநாலாம் நாள் அடுப்பு எரிந்தது. இன்ஸ்பெக்டர் விசிறியை நிறுத்தச் சொன்னார். விசிறி ஓய்ந்ததும் டக் என்று ஒரு சத்தம். வரிசையில் இருந்த அத்தனை தீயும் ஒரே மூச்சில் அணைந்தது. அந்த அமைதியில் நாங்கள் எல்லாரும் அப்படியே நின்றோம். அது தானாக அணையும் என்று எனக்குத் தெரியும். நாங்கள்தான் அதைப் பொருத்தினோம். ஆனாலும் உடம்பெல்லாம் புல்லரித்தது.

தேறிவிட்டோம். மூன்றாம் நாள் சான்றிதழும் வந்தது. திறக்கும்போது நான் முதலில் தேடியது அபராதக் கணக்கைத்தான். சான்றிதழுக்குப் பின்னால் இன்னொரு தாள் இருந்தது. மேனேஜர் அம்மாவும் ஆலோசகரும் கையெழுத்திட்ட தாள். நான் கேட்கவில்லை, போய் நிற்கவில்லை, கெஞ்சவில்லை. தானாக வந்திருந்தது.

நான் வெளியே வந்து அண்ணிக்குப் போன் போட்டேன். அலுவலகம் இல்லாத நாள், வீட்டில் இருந்தார்.

"அண்ணி, ஒரு காகிதம் கொடுத்திருக்காங்க."

"படிங்க."

என் ஆங்கிலம் தெரிந்ததுதானே. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். எரிவாயு இணைப்புத் தாமதம் உரிமையாளருடையது, உரிய காலத்தில் அறிவிப்புப் பெறப்பட்டது, முடிக்கவேண்டிய நாள் ஆறு நாள் தள்ளி வைக்கப்படுகிறது, வேலை அந்த நாளுக்குள் முடிந்தது, அபராதம் இல்லை.

"புரிஞ்சுதா?" என்றார் அண்ணி. அவர் எப்போதும் அப்படித்தான், புரிந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். "தமிழ்ல சொல்லுங்க பார்ப்போம்."

"நம்ம மேல தப்பு இல்லைன்னு போட்டிருக்கு அண்ணி."



"அப்படி ஒரு வரி அதுல இல்லையே தம்பி."

"இருக்கு அண்ணி."

எந்த வாடிக்கையாளருக்காகவும் ஒரு சொல் கூட்டியோ குறைத்தோ போடாத மனுஷி அவர். திருத்துவார் என்றுதான் எதிர்பார்த்தேன். "ஆமா, இருக்கு" என்றார். "போன் ஸ்பீக்கர்ல இருக்கு தம்பி. அவரும் கேட்டுட்டுதான் இருக்கார்."

பிறகு அண்ணனின் குரல் வந்தது. எத்தனையோ நாளாக அவர் என்னிடம் முழுசாக ஒரு வாக்கியம் பேசியதில்லை.

"இன்னொரு தடவை படிடா" என்றார். "மெதுவா படி."

நான் மறுபடியும் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.